மாலைத் தொடர்கள் ஆயிரம் பாகம் ஓடியது எதனால்?

வடபழனிக்காரன் | 3 பிப்ரவரி 2025, இரவு 10:40

தமிழ்க் குடும்பத் தொடர்கள் ஆயிரம் பாகங்களைத் தாண்டி ஓடுவதற்குக் கதாசிரியர்களின் பேராசையையும் பெண்களின் கண்ணீரையும் காரணமாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. நான் 2000-களில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தொலைக்காட்சி நேரம் வாங்கும் மேசையில் வேலை பார்த்தவன். அந்த மேசையிலிருந்து பார்த்தவனாகச் சொல்கிறேன்: நீளத்தை முடிவு செய்தது கதை அன்று. அந்த அரை மணி நேரத்துக்கு யார் வாடகை கொடுத்தார்கள் என்பதே அதை முடிவு செய்தது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

ரிமோட் ராஜா | 3 பிப்ரவரி 2025, இரவு 11:15

இதில் ஆராய்வதற்கு ஒன்றும் இல்லை. தினமும் தொடர் போடும் பழக்கம் இந்தியிலிருந்து வந்தது. அங்கே மாமியார் மருமகள் கதை வெற்றி பெற்றது. இங்கே அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பு நம்மிடம் வாரத் தொடர்கள்தாம் இருந்தன, அவை தரமாகவும் இருந்தன.

வடபழனிக்காரன் | 4 பிப்ரவரி 2025, காலை 7:05

பாதி சரி. தினசரித் தொடர் இந்தியில் முன்பே வந்துவிட்டது என்பது உண்மை. தூர்தர்ஷனில் 'சாந்தி' 1994-லேயே தினமும் ஒளிபரப்பானது. ஆனால் நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் மாமியார் கதை, அதாவது 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தீ', 2000 ஜூலையில்தான் தொடங்கியது. ராதிகாவின் ராடான் நிறுவனம் தயாரித்த 'சித்தி' சன் தொலைக்காட்சியில் 1999 டிசம்பர் 20 அன்றே தொடங்கிவிட்டது. பின்னால் வந்ததைப் பார்த்து முன்னால் வந்தது நகலெடுக்க முடியாது.

நமக்கு இந்தியிலிருந்து வந்தது வேறொன்று: தமிழில் மொழிமாற்றம் செய்யப்பட்ட 'ஜுனூன்'. 'சொன்னேன் நான் அப்போதே உன்னிடம்' என்று வினைச்சொல்லை முன்னால் தூக்கிப்போடும் அந்த மொழிநடையைக் கல்லூரி விடுதிகளில் கேலி செய்தபடியே பார்த்தோம். கேலி செய்தாலும் அடுத்த பாகத்துக்கு ஆள் கூடியது. முடிவு கண்ணுக்குத் தெரியாத ஒரு கதையைத் தொலைக்காட்சியில் பின்தொடரும் பழக்கம் அங்கே கொஞ்சம் படிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

வடபழனிக்காரன் | 4 பிப்ரவரி 2025, இரவு 9:50

வாடகை என்று நான் சொன்னதை விரித்து எழுதுகிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் தொடங்கியது. அங்கே செவ்வாய்க்கிழமை நாடகம் ஒரே இரவில் முடிந்துவிடும். பிறகு விளம்பரதாரர் ஆதரவில் வாரத் தொடர்கள் வந்தபோது அவற்றின் வழக்கமான அளவு 13 வாரம், அதாவது ஆண்டில் கால் பங்கு. கதைச் சுருக்கத்தை முன்கூட்டியே கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், எழுதுகிறவருக்கு முதல் பாகத்திலேயே முடிவு தெரிந்திருக்கும். கே. பாலசந்தர் சின்னத்திரைக்கு வந்து எடுத்த 'ரயில் சினேகம்', 'கையளவு மனசு' போன்றவற்றின் கட்டுக்கோப்பில் அவருடைய திறமைக்கு இருக்கும் பங்கில் ஒரு சிறு பகுதியையாவது அந்த வரம்புக்கும் கொடுக்க வேண்டும்.

1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தது. அங்கே வளர்ந்த முறையில் தயாரிப்பாளர் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் செலுத்தி அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வார். அதற்குள் குறிப்பிட்ட அளவு விளம்பர நேரம் அவருக்குக் கிடைக்கும். அதைப் பத்து விநாடிகளாக நறுக்கி எங்களைப் போன்றவர்களிடம் விற்றுப் படப்பிடிப்புச் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். கணக்குக்காகக் கட்டணம் 100 என்றும் ஒரு பாகத்தைப் படமாக்கும் செலவு 100 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200-க்கு விளம்பரம் விற்றால்தான் கையைக் கடிக்காது. புதிய தொடரை யாருக்கும் தெரியாது. நாங்களும் வாங்கமாட்டோம், வாங்கினாலும் 120-க்குத்தான் கேட்போம். பல மாதங்கள் கழித்துப் பார்வையாளர் எண்ணிக்கை நிலைத்த பிறகு, சோப்பு நிறுவனமும் கூந்தல் தைல நிறுவனமும் ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்து நிற்கும். அதே நேரம் 300-க்குப் போகும். படப்பிடிப்புச் செலவோ அவ்வளவாக ஏறியிருக்காது, ஏனென்றால் வீடு அதே வீடு, ஆட்கள் அதே ஆட்கள்.

ஆகவே 40-ஆவது பாகத்தில் நட்டம். 400-ஆவது பாகத்தில் லாபம். கதை முடிந்துவிட்டது என்று 200-இல் நிறுத்துகிறவர் மறுபடியும் 40-ஆவது பாகத்தின் நட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அந்த நேரத்தைச் சேனல் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் அதுவும் இல்லை.

தொகுப்பறை | 5 பிப்ரவரி 2025, அதிகாலை 1:30

நான் படத்தொகுப்பாளரிடம் உதவியாளனாக இருந்து, பிறகு இரண்டு தினசரித் தொடர்களில் தனியாகத் தொகுத்தவன். மேலே உள்ள கணக்கு சரிதான், ஆனால் அது தயாரிப்பாளர் ஏன் நிறுத்தவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. நிறுத்தாமல் எப்படி ஓட்ட முடிந்தது என்பது வேறு கேள்வி, அதற்கான விடை படப்பிடிப்புத் தளத்தில் இருக்கிறது.

அரை மணி நேரத்தில் விளம்பரமும் பெயர்ப் பட்டியலும் போகச் சுமார் 22 நிமிடம் வேண்டும். வாரத்துக்கு ஐந்து பாகம் என்றால் 110 நிமிடம், ஏறத்தாழ ஒரு திரைப்படம். திரைப்படத்தில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடக் காட்சி தேறினால் நல்ல நாள் என்பார்கள். எங்கள் தளத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாகமாவது தேறாவிட்டால் மேலாளர் முகம் மாறிவிடும். வளசரவாக்கத்திலோ போரூர்ப் பக்கத்திலோ ஒரு படப்பிடிப்பு வீட்டை நாள் வாடகைக்கு எடுத்து, கூடத்தில் நடக்க வேண்டிய காட்சிகள் எந்தெந்தப் பாகத்தில் வந்தாலும் அனைத்தையும் ஒரே மூச்சில் எடுப்போம். கூடத்துக்கு ஒளியமைப்பு செய்துவிட்டால் அதை மாற்றுவதுதான் நேரம் தின்னும் வேலை. தொடர்களில் குடும்பம் முழுவதும் கூடத்தில் வரிசையாக நின்றே பேசுவதை நீங்கள் கிண்டல் செய்கிறீர்கள். அது ஒளியமைப்பாளர் சேமித்துக் கொடுத்த ஒரு மணி நேரம்.

கதை, திரைக்கதை, வசனம் மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் எழுதுவார்கள். கதை பல டிராக்குகளாக ஓடும். மூத்த மகள் டிராக், வில்லன் டிராக், பக்கத்து வீட்டு நகைச்சுவை டிராக். இந்தப் பிரிவினை கலைக்காக வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். பெரிய நடிகை மாதத்தில் சில நாள்தான் கால்ஷீட் கொடுப்பார். அவர் இல்லாத நாள்களில் கதை வேறு எங்காவது நகர வேண்டும்.

ஸ்கார்பரோ அக்கா | 5 பிப்ரவரி 2025, மாலை 6:20

தம்பிமார், எனக்கு ஒரு விடயம் தேவை. 'மெட்டி ஒலி' முதலாம் பாகத்திலிருந்து ஒழுங்கான வரிசையில் எங்கே பார்க்கலாம்? இங்கே நாங்கள் தமிழ்க் கடையில் வீடியோ நாடா வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்தில், நடுவில் சில நாடாக்கள் எப்போதும் வேறு வீட்டில் இருக்கும். அப்படித் தவறியதை இன்றைக்கும் பார்க்கவில்லை.

ஒரு நாடாவில் ஒரு வாரத்துக்குரியது இருக்கும். சனிக்கிழமை இரவு அம்மாவும் சித்திமாரும் நானும் அதைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்ப்போம். ஒரே இருப்பில் பார்க்கும்போது, திங்கள் சொன்ன வசனத்தைச் செவ்வாயும் சொல்வார்கள், புதனும் சொல்வார்கள். அம்மா அதை ஓட்டிவிடச் சொல்லுவார். சித்தி ஓட்டவேண்டாம், நாடகத்தில் வருபவர் அழுவதை இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்பார்.

தொகுப்பறை | 5 பிப்ரவரி 2025, இரவு 11:55

அக்கா, நீங்கள் எடுத்துக்காட்டிய அந்தத் திரும்பச் சொல்லல் எங்களுக்கு வேலைப் பட்டியலிலேயே இருந்தது. தினமும் பார்க்கிறவர் எல்லா நாளும் பார்ப்பதில்லை. வாரத்தில் மூன்று நாள் பார்ப்பவருக்கும் கதை புரிய வேண்டும்; அடுப்படியிலிருந்து காதால் மட்டும் கேட்கிறவருக்கும் புரிய வேண்டும். அதனால் ஒரு செய்தியைக் குறைந்தது மூன்று வாய்களில் சொல்ல வைப்போம். அம்மா தெரிந்துகொள்வார், அப்பாவிடம் சொல்வார், அப்பா தொலைபேசியில் தம்பியிடம் சொல்வார்.

நான் தொகுத்த ஒரு நிச்சயதார்த்தக் காட்சியைச் சொல்கிறேன். தட்டு மாற்றும் நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்று "நிறுத்துங்கள்" என்கிறார். புதன்கிழமை பாகம் அவருடைய காலணியில் முடிந்தது. வியாழன் அன்று முகம் தெரிந்தது; கூடத்தில் நின்ற பதினொரு பேருடைய முகங்களுக்கும் தனித்தனியாக நெருங்கிப் போய், ஒவ்வொன்றுக்கும் இடிச்சத்தம் சேர்த்தேன். வெள்ளிக்கிழமை அவர் பேசத் தொடங்கினார். யார் குழந்தை என்று சொல்வதற்குள் ஃப்ரீஸ் செய்தோம். திங்கள்கிழமை பாகத்தின் முதல் மூன்று நிமிடம் வெள்ளியன்று வந்ததேதான். கதையில் மொத்தம் கடந்தது நான்கைந்து நிமிடம். எழுத்தில் அது ஒன்றரைப் பக்கம்.

வடபழனிக்காரன் | 6 பிப்ரவரி 2025, காலை 6:30

அந்தப் பதினொரு முகங்களுக்கு நான் வேறு காரணம் கேள்விப்பட்டிருக்கிறேன். கையிருப்பு தீர்ந்துவிட்டால்தான் அப்படி நீட்டுவார்கள் என்று ஒரு தயாரிப்பு நிர்வாகி என்னிடம் சொன்னார். உண்மையா?

தொகுப்பறை | 6 பிப்ரவரி 2025, காலை 8:10

பெரும்பாலும் உண்மை. கையிருப்பு என்று நாங்கள் சொல்வது தொகுத்து, குரல் சேர்த்து, இசை சேர்த்து அனுப்பத் தயாராக இருக்கும் பாகங்களை. தொடங்கும்போது இரண்டு மூன்று வாரத்துக்கு இருக்கும். நடிகருக்குக் காய்ச்சல், மழை, வசனகர்த்தாவுக்கும் இயக்குநருக்கும் சண்டை என்று ஒவ்வொன்றாகத் தின்றுவிடும். பிறகு இன்று எடுத்ததை நாளை மறுநாள் ஒளிபரப்புகிற நிலை வரும். வசனத்தாள் தளத்துக்கு மை காயாமல் வரும்.

பார்க்கிறவர் இதைக் கண்டுபிடிக்கலாம். முன்கதை நீளும். பழைய காட்சிகள் நினைவலையாக வரத் தொடங்கும். இருவர் மட்டும் காரில் உட்கார்ந்து பேசும் காட்சிகள் அடுத்தடுத்து வரும். முக்கியமான ஒருவர் திடீரென்று வெளியூர் போய்விடுவார், அவரைப் பற்றித் தொலைபேசியில் மட்டும் பேசிக்கொள்வார்கள். இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால், தளத்தில் அந்த வாரம் யாரும் தூங்கவில்லை என்று அர்த்தம்.

ரிமோட் ராஜா | 6 பிப்ரவரி 2025, காலை 9:00

'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை போடுவதை விட்டுவிட்டீர்களே. மகள் ஒரே இரவில் வேறு முகத்தோடு வந்து நிற்பாள், வீட்டில் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

வடபழனிக்காரன் | 6 பிப்ரவரி 2025, இரவு 8:45

கேலிக்குரியதுதான். எல்லா நேரமும் அப்படி இல்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலை, அந்தத் தொடருக்கே குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல்நலம் குன்றி இறந்தார். முழுத் தொடரும் அந்த ஒரு பாத்திரத்தின் அதட்டலைச் சுற்றிச் சுழன்றது. திரைப்படம் என்றால் நிறுத்தி யோசிக்கலாம். தினசரித் தொடருக்கு மறுநாள் ஒளிபரப்பு இருக்கிறது. பாத்திரத்தைச் சில காலம் கண்ணில் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, பிறகு வேல ராமமூர்த்தியைக் கொண்டுவந்தார்கள்.

வடபழனிக்காரன் | 7 பிப்ரவரி 2025, இரவு 10:20

ஒரு தொடரின் எண்களை எடுத்துப் பார்த்தேன். 'கோலங்கள்' 2003 நவம்பர் 24, திங்கள்கிழமை தொடங்கி 2009 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை முடிந்தது. இடையில் 315 வாரங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை என்று கணக்கிட்டால் 1575 மாலைகள் வருகின்றன. ஒளிபரப்பான பாகங்கள் 1533. ஆறு ஆண்டுகளில் ஒளிபரப்பாகாமல் போனவை 42 மாலைகள், ஆண்டுக்கு ஏழு. பொங்கல், தீபாவளி போன்ற நாள்களில் சிறப்புத் திரைப்படம் போட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், மற்ற நாள் எதிலும் இயக்குநர் திருச்செல்வத்தின் குழு தவறவே இல்லை என்றாகிறது. 22 நிமிடம் வீதம் பார்த்தால் 560 மணி நேரத்துக்கு மேல்.

தேவயானி நடித்த அபிநயா, தொடக்கத்தில் கணவனோடும் மாமியாரோடும் போராடும் பெண், போகப்போகக் கட்டுமானத் தொழிலதிபர், எதிரியாக ஆதி. வீட்டுச் சண்டையிலிருந்து தொழில் சண்டைக்குக் கதை நகர்ந்தது ஆறு ஆண்டு ஓடியதற்கு ஒரு காரணம் என்று தோன்றுகிறது. மாமியாரோடு எத்தனை ஆண்டு சண்டை போட முடியும்? ஒப்பந்தப்புள்ளி, கடன், வழக்கு, ஆள்கடத்தல் என்றால் புதிய பாத்திரங்களைக் கொண்டுவரலாம், பழையவர்களை ஓய்வெடுக்க அனுப்பலாம். ஆயிரத்தைத் தாண்டிய பல தொடர்களில் நாயகிக்கு ஒரு தொழில் அல்லது அலுவலகம் இருப்பதைப் பார்க்கலாம்.

ரிமோட் ராஜா | 8 பிப்ரவரி 2025, காலை 8:10

நீளத்தை வாடகைக் கணக்கில் மட்டும் அடக்கிவிட முடியாது. நம் வார இதழ்களில் தொடர்கதைக்கு நீண்ட மரபு உண்டு. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்தது. 'தொடரும்' என்ற சொல்லுக்குத் தமிழ் வாசகர் பழகிப்போனவர். தொலைக்காட்சி அந்த வாசகியைப் பிடித்துக்கொண்டது.

வடபழனிக்காரன் | 8 பிப்ரவரி 2025, இரவு 9:30

நல்ல வாதம், இதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. என் அத்தை இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வைத்தவர், பிறகு இரவு 9:30-ஐ விடாதவர். ஆனால் அந்த மரபு அப்படியே தொடர்ந்திருந்தால் வாரத் தொடர்களல்லவா வென்றிருக்க வேண்டும்? மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' போன்ற வாரத் தொடர்களுக்காக ஊரே காத்திருந்தது. அவை தோற்கவில்லை, விளம்பரக் கணக்கில்தான் பின்தங்கின. வாரத்துக்கு ஒரு முறை வரும் பொருளை நான் விளம்பரதாரருக்கு விற்பதற்குள், தினமும் வரும் பொருள் ஐந்து முறை கண்ணில் பட்டுவிடும். சோப்பு விற்கிறவருக்கு ஐந்து முறைதான் முக்கியம்.

இரவு 9:30 என்றதும் நினைவுக்கு வருகிறது. 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே', 'வாணி ராணி' என்று ராதிகாவின் தொடர்கள் 2018 வரை அந்த நேரத்தில் அடுத்தடுத்து வந்தன. தலைப்பு மாறியது, கதை மாறியது, ராதிகாவும் நேரமும் மாறவில்லை. எங்கள் மேசையில் தொடரின் பெயரைக்கூடச் சொல்லமாட்டோம், 'ஒன்பதரை ராடான்' என்போம். புதிய தொடர் நட்டக் கட்டத்தை வேகமாகத் தாண்டிவிட அது உதவியது, ஏனென்றால் முதல் பாகத்துக்கே பழைய பார்வையாளர் உட்கார்ந்திருப்பார்.

தொகுப்பறை | 9 பிப்ரவரி 2025, அதிகாலை 2:00

இப்போது அந்தக் கணக்கு பெரிதும் மாறிவிட்டது. விஜய், ஜீ தமிழ் போன்றவை தொடரைத் தாங்களே செய்யச் சொல்லி, பாகத்துக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிடுகின்றன. விளம்பரம் விற்பது சேனலின் வேலை. தயாரிப்பாளருக்கு 40-ஆவது பாகமும் 400-ஆவது பாகமும் ஒரே வருமானம். ஆனால் கதையைப் பற்றிய முடிவு சேனல் அலுவலகத்துக்குப் போய்விட்டது. வாராவாரம் வரும் பார்வையாளர் எண்களைப் பார்த்துவிட்டு, திருமணத்தை முன்னால் கொண்டுவாருங்கள், அந்தத் தங்கையைக் குறையுங்கள் என்று சொல்வார்கள். எண் விழுந்தால் 150-இலேயே முடித்துவிடச் சொல்வதும் உண்டு. எண் நன்றாக இருந்தால் கதையை முடித்து, அதே பெயரில் '2' போட்டுத் தொடங்குவார்கள். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' 2023-இல் அப்படித்தான் போனது.

வடபழனிக்காரன் | 9 பிப்ரவரி 2025, மாலை 5:15

அப்படியானால் என் வாடகைக் கணக்கு இன்றைய தொடர்களுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும். பெயரைப் பாதுகாத்துக்கொண்டு கதையை மட்டும் மாற்றுவது, பழைய தயாரிப்பாளர் நேரத்தைப் பாதுகாத்ததற்கு ஈடானது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தொகுப்பறை இதை ஏற்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

தொகுப்பறை | 9 பிப்ரவரி 2025, இரவு 11:40

ஏற்கவில்லை. நேரம் தயாரிப்பாளர் கையில் இருந்தபோது, ஓர் இயக்குநர் அவரிடம் வாதாடி ஒரு பாத்திரத்தைக் காப்பாற்ற முடிந்தது. இப்போது வாதாடுவதற்கு எதிரில் ஆள் இல்லை, மின்னஞ்சல்தான் வரும்.

ஸ்கார்பரோ அக்கா | 10 பிப்ரவரி 2025, மாலை 7:00

என்னுடைய கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. அது போகட்டும். மிக நீளமான தமிழ்த் தொடர் 'கோலங்கள்' தானா?

வடபழனிக்காரன் | 10 பிப்ரவரி 2025, இரவு 10:05

இல்லை அக்கா. 'சந்திரலேகா' 2014 அக்டோபரில் தொடங்கி 2022 அக்டோபர் வரை 2300 பாகங்களைத் தாண்டியது. அது பிற்பகல் தொடர். இரவு 9 மணிக்குப் போட்டி கடுமை, எண் கொஞ்சம் இறங்கினாலும் எல்லோர் கண்ணும் அங்கே இருக்கும். பிற்பகலில் செலவும் குறைவு, எதிர்பார்ப்பும் குறைவு; யாரும் அதை நிறுத்தச் சொல்லி அவசரப்படுவதில்லை என்பது என் ஊகம். மாலைத் தொடர்கள் நீண்டதற்கு நான் சொன்ன காரணம் இதற்கு எவ்வளவு பொருந்தும் என்பதைப் பிற்பகல் நேரம் வாங்கிய யாராவது சொல்ல வேண்டும். என் மேசைக்கு மாலை ஆறரைக்கு முந்தைய நேரம் வந்ததில்லை.

'மெட்டி ஒலி'யை 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது சன் மறுபடியும் ஒளிபரப்பியது. இணையத்தில் முழு வரிசையும் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து எழுதுகிறேன்.

ஸ்கார்பரோ அக்கா | 10 பிப்ரவரி 2025, இரவு 10:50

அப்போது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பெயர்ப் பட்டியலையும் முன்கதையையும் வெட்டிப் போட்டிருந்தால் வேண்டாம், பாட்டோடு இருப்பதாகப் பாருங்கள்.